விடியுமுன் வந்து சேர வேண்டிய கணக்கு

2020 அக்டோபர் முதல் வாரத்தில் இங்கிலாந்தின் கொரோனா எண்ணிக்கை ஒரே வார இறுதியில் எகிறியது. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை தொற்று உறுதியான 15,841 பேர் அன்றாடக் கணக்கில் சேராமலே விடுபட்டிருந்தார்கள். அவர்களை மொத்தமாகச் சேர்த்ததால் வந்த ஏற்றம் அது. பரிசோதனைக் கூடங்கள் முடிவுகளை அனுப்பியிருந்தன. அவற்றை வாங்கித் தொகுத்து மேலே தள்ளும் தானியங்கி ஏற்பாட்டில், நடுவே ஒரு கட்டத்தில் பழைய எக்ஸெல் கோப்பு இருந்தது. `.xls` என்று முடியும் அந்தப் பழைய வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் பிடிக்கும். ஒரு நோயாளிக்கே பல வரிசைகள் தேவைப்பட்டதால் தாள் சீக்கிரம் நிரம்பியது. நிரம்பியதற்கு மேல் வந்தவை கழன்று விழுந்தன.

அந்த எட்டு நாளும் அறிக்கை வராமல் இல்லை. தினமும் வந்தது, தினமும் ஒரு எண்ணைச் சொன்னது. தொற்று வந்தவர்களுக்கு அவரவர் முடிவு போய்ச் சேர்ந்திருந்தது. ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடித்து எச்சரிக்க வேண்டிய பிரிவுக்கு அந்தப் பெயர்கள் உரிய நேரத்தில் போகவில்லை.

நிறுவனங்களில் அன்றாடம் நடக்கும் ஒரு சாதாரண வேலையின் பெரிய உருவம்தான் இது. மருந்துக்கடை, பால் பண்ணை, வங்கி, மருத்துவமனை எதுவானாலும் பகலெல்லாம் பில்லும் ரசீதும் ஒரு டேட்டாபேஸில் சேர்கின்றன. வேலை நேரத்தில் அதன் மேலேயே கனமான கேள்விகளை ஓட்டினால் கவுன்டரில் பில் போடுவது தாமதமாகும். அதனால் ஊர் அடங்கிய பிறகு அன்றைய தரவை வழித்தெடுத்து, ரிப்போர்ட் தயாரிக்கும் வேறொரு இடத்தில் வைக்கிறார்கள். காலையில் முதலாளியோ மேலாளரோ பார்க்கும் அட்டவணை அதிலிருந்து வருகிறது. இந்த வேலை நின்றுபோனால் யாராவது கத்துவார்கள், சரிசெய்துவிடலாம். நிற்காமலே பிசகினால்தான் ஆபத்து. அரைகுறையான கணக்கும் முழுக் கணக்கைப் போலவே அச்சாகும்.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டு உள்ளே போவோம். மதுரையைச் சுற்றிப் பன்னிரண்டு கிளைகள் உள்ள ஒரு மருந்துக்கடை நிறுவனம் என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லாக் கிளைகளின் பில்களும் ஒரு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் சேர்கின்றன. ஒரு நாளைக்குச் சுமார் 9,000 வரிகள். நள்ளிரவு தாண்டி 1.30-க்கு முந்தின நாளின் தரவை எடுக்க வேண்டும். காலை 8 மணிக்கு ரிப்போர்ட் இருக்க வேண்டும்.

லினக்ஸ் சர்வரில் இதற்குப் பெரும்பாலும் கிரானைத்தான் நாடுவார்கள். 1970-களில் யூனிக்ஸோடு பிறந்த இந்தக் கருவி ஒரு நேரத்தையும் ஒரு கட்டளையையும் வாங்கிக்கொண்டு, அந்த நேரம் வந்ததும் கட்டளையை ஓட்டிவிடும்.

```
30 1 * * * /opt/extract/nightly.sh
```

நிமிடம் 30, மணி 1, எல்லாத் தேதியும், எல்லா மாதமும், எல்லாக் கிழமையும் என்று இந்த வரியைப் படிக்க வேண்டும். எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் இந்த ஒரு வரிக்குள்ளேயே பிசகக்கூடியவை பல.

முதலாவது, 1.30 என்றால் எந்த ஊர் 1.30? வாடகைக்கு எடுக்கும் கிளவுட் சர்வர்களின் கடிகாரம் பொதுவாக யுடிசி என்ற உலக நேரத்தில் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். சர்வரின் 1.30 நமக்குக் காலை 7 மணி. ரிப்போர்ட் 8 மணிக்கு வேண்டும் என்றால் அது நெருக்கடி. சரி, நம் 1.30-க்கு ஈடான 20.00 மணியைப் போட்டுவிடுகிறோம். இப்போது அடுத்த பொறி. ஸ்கிரிப்ட் 'நேற்று' என்று கேட்கிறது. நமக்குப் புதன்கிழமை பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது. சர்வருக்கு இன்னும் செவ்வாய் இரவு 8 மணி. அதன் 'நேற்று' திங்கள்கிழமை. செவ்வாயின் வியாபாரத்தைக் கேட்டவருக்குத் திங்களின் வியாபாரம் வந்து சேரும். பிழைச் செய்தி எதுவும் வராது, வரிகளின் எண்ணிக்கையும் வழக்கம்போலத்தான் இருக்கும். தலைப்பில் தேதி அச்சாகாத ரிப்போர்ட்டாக இருந்தால் ஒரு நாள் பின்தங்கியே மாதக்கணக்கில் ஓடலாம்.

இரண்டாவது, கையால் ஓட்டும்போது ஓடுகிற ஸ்கிரிப்ட், கிரானில் ஓடாமல் போவது. நாம் சர்வருக்குள் நுழையும்போது நம் பெயருக்கான அமைப்புகள் எல்லாம் ஏறிவிடுகின்றன. எந்தக் கருவி எந்த அடைவில் இருக்கிறது, எந்தக் கடவுச்சொல், எந்த முகவரி என்பதெல்லாம் அதில் அடக்கம். கிரான் அவை எதையும் ஏற்றாது. கருவிகளைத் தேடும் பாதையும் பெரும்பாலும் `/usr/bin:/bin` என்று குறுகியிருக்கும். இன்னொன்று, கிரான் வரியில் `%` குறி வந்தால் அதை வரி முறிவாக எடுத்துக்கொள்ளும். `date +%F` என்று அந்த வரியிலேயே தேதியை எழுதிவிட்டுத் தவித்தவர்கள் ஏராளம். ஸ்கிரிப்டுக்குள் எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, 1.30-க்கு சர்வர் அணைந்திருந்தால் கிரான் பிறகு எழுந்து விட்டதைப் பிடிக்காது. அன்றைய முறை போனது போனதுதான். சிஸ்டம்டி டைமரில் `Persistent=true` என்று வைத்தால், தவறிய வேலையை சர்வர் எழுந்ததும் ஓட்டிவிடும்.

இவற்றைத் தாண்டி ஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இந்தத் துறையில் அதிகம் பேரை ஏமாற்றியிருக்கும் வரி இதுதான்:

```
psql -d pharmacy -f extract.sql | gzip > sales.csv.gz
```

டேட்டாபேஸிலிருந்து எடு, வருவதைச் சுருக்கு, கோப்பில் எழுது. நடுவில் இருக்கும் நிமிர்ந்த கோடு முதல் கட்டளையின் வெளியீட்டை இரண்டாவதற்குக் குழாய்போலக் கடத்துகிறது. யூனிக்ஸில் ஒவ்வொரு கட்டளையும் முடியும்போது ஓர் எண்ணை விட்டுச்செல்லும். 0 என்றால் வெற்றி, வேறு எதுவானாலும் தோல்வி. ஆனால் குழாயில் கோத்த கட்டளைகளுக்கு, கடைசிக் கட்டளையின் எண் மட்டுமே வழக்கமாகக் கணக்கில் வரும். டேட்டாபேஸின் கடவுச்சொல் நேற்று மாறிவிட்டது என்று கொள்ளுங்கள். `psql` உள்ளே நுழைய முடியாமல் தோற்கிறது. `gzip`-க்கு எதுவும் வரவில்லை. அது அந்த 'எதுவும் இல்லை' என்பதை ஒழுங்காகச் சுருக்கி, கோப்பில் எழுதி, 0 என்று சொல்லி முடித்துக்கொள்கிறது. வேலை வெற்றி என்று பதிவாகிறது. கோப்பும் இருக்கிறது, தேதியும் சரியாக இருக்கிறது. அதன் அளவைப் பார்த்தால் 20 பைட். உள்ளே ஒன்றுமில்லாத ஜிசிப் உறையின் அளவு அது. இரவு வேலைகளைப் பராமரிப்பவர்களுக்கு 20 பைட் கோப்பைக் கண்டாலே வயிற்றைப் பிசையும்.

இதற்கு மருந்து ஸ்கிரிப்டின் தலையில் ஒரே வரி. கீழே இருப்பது சற்று ஒழுங்குபடுத்திய வடிவம்:

```
#!/bin/bash
set -euo pipefail
DAY=${1:-$(TZ=Asia/Kolkata date -d yesterday +%F)}
OUT=/data/out/sales_$DAY.csv.gz
psql -X -d pharmacy -v ON_ERROR_STOP=1 -v day="$DAY" \
  -f /opt/extract/extract.sql | gzip > "$OUT.part"
/opt/extract/check.sh "$DAY" "$OUT.part"
mv "$OUT.part" "$OUT"
curl -fsS -m 10 --retry 3 "$PING_URL"
```

`set` வரியில் `pipefail` இருப்பதால் குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழு வரியும் தோற்றதாக ஆகும். `-e` இருப்பதால் தோற்ற இடத்திலேயே ஸ்கிரிப்ட் நின்றுவிடும். `-u` இருப்பதால் மதிப்பு வைக்காத பெயரைப் பயன்படுத்தினாலும் நின்றுவிடும். அதற்கடுத்த வரி, இந்திய நேரத்தின்படி 'நேற்று' எது என்பதைக் கணக்கிடுகிறது. கூடவே, வெளியிலிருந்து ஒரு தேதி கொடுத்தால் அதை எடுத்துக்கொள்ளவும் வழி வைத்திருக்கிறது. அதன் அருமை பின்னால் தெரியும்.

கோப்பு முதலில் `.part` என்ற வாலோடு எழுதப்படுகிறது. சோதனைகள் முடிந்த பிறகே `mv` அதற்கு உண்மையான பெயரைக் கொடுக்கிறது. ஒரே வட்டுப் பகுதிக்குள் பெயர் மாற்றுவது பாதியில் நிற்கும் வேலை இல்லை. ஒன்று மாறியிருக்கும், அல்லது மாறியிருக்காது. ஆக ரிப்போர்ட் பக்கம் பாதி எழுதிய கோப்பைத் தூக்கிக்கொண்டு போக வழியில்லை.

இதுவரை பார்த்ததெல்லாம் நிரல் தன்னைப் பற்றித் தானே சொல்லும் செய்தி. 0 என்று நிரல் சொன்னால், 'எனக்குக் கொடுத்த கட்டளைகளை ஓட்டி முடித்தேன்' என்று பொருள். தரவு முழுதாக வந்ததா என்பது தனிக் கேள்வி. அதைத் தரவிடம்தான் கேட்க வேண்டும். என் பார்வையில் பல நிறுவனங்கள் இந்த இடத்திற்கு வருவதே இல்லை. 'ஜாப் ஓடிடுச்சு சார்' என்பதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

`check.sh` செய்யும் முதல் வேலை, இரண்டு பக்கமும் கூட்டிப் பார்ப்பது. மூல அட்டவணையில் அந்த நாளுக்கு எத்தனை வரிகள், மொத்தத் தொகை எவ்வளவு? கோப்பில் எத்தனை வரிகள், மொத்தம் எவ்வளவு? இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பேரேட்டோடு வளர்ந்த கணக்குப்பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. வரிகளை மட்டும் எண்ணினால் போதாது, தொகையையும் கூட்ட வேண்டும். 9,000 வரிகளும் வந்திருக்கும், ஆனால் தள்ளுபடி இருக்க வேண்டிய இடத்தில் விலை உட்கார்ந்திருக்கும். எண்ணும் முறையிலும் கவனம் வேண்டும். கோப்பின் வரிகளை `wc -l` கொண்டு எண்ணுவது பலருடைய பழக்கம். வாடிக்கையாளரின் முகவரியில் யாராவது ஒரு 'என்டர்' தட்டியிருந்தால் ஒரு பில் வரி இரண்டாகத் தெரியும். சிஎஸ்வி கோப்பை முறையாகப் படிக்கத் தெரிந்த நிரலைக் கொண்டு எண்ணுவதே சரி.

இங்கிலாந்தின் ஏற்பாட்டில் ஒவ்வொரு நாளும் இந்த ஒரு கூட்டல் நடந்திருந்தால், உள்ளே வந்த வரிசைகளும் வெளியே போன வரிசைகளும் பொருந்தவில்லை என்பது முதல் நாளிலேயே வெளிப்பட்டிருக்கும்.

இந்தச் சோதனைக்கும் எல்லை உண்டு. மூலத்தில் எண்ணும் கேள்வியும் கோப்பை எடுத்த கேள்வியும் ஒரே தவறைப் பகிர்ந்துகொண்டால், இரண்டும் அச்சாகப் பொருந்தி இரண்டும் தவறாக இருக்கும். சற்று முன் பார்த்த திங்கள்-செவ்வாய்க் குழப்பம் அப்படிப்பட்டது. அதற்கு வேறொரு வழியில் வந்த எண் தேவை. ஒவ்வொரு கிளையிலும் இரவு கடையைக் கட்டும்போது கேஷியர் நாள் முடிவுக் கணக்கு போடுவார். அந்தக் கிளையின் அன்றைய மொத்தம் அதில் இருக்கும். இரவு எடுத்த தரவின் கிளைவாரி மொத்தத்தை அதோடு ஒப்பிட்டால், நம் கேள்வியே தப்பாக இருந்தாலும் பிடிபட்டுவிடும்.

அடுத்தது, வராதவற்றைத் தேடும் வேலை. ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கொள்வோம், 2024 ஜூன் 11. மாலை 4 மணிக்கு ஒரு கிளையில் இன்டர்நெட் போய்விட்டது. பில் மென்பொருள் நிற்கவில்லை. இணைப்பு இல்லாவிட்டாலும் கடையின் கணினியிலேயே பில்லைச் சேர்த்துவைத்து, இணைப்பு திரும்பியதும் மேலே அனுப்பும்படி செய்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. இரவு 1.30-க்கு ஸ்கிரிப்ட் ஓடுகிறது. டேட்டாபேஸில் அந்தக் கிளைக்கு 4 மணி வரைக்கான பில்கள் மட்டுமே உள்ளன. மொத்தம் 9,000 வரவேண்டிய இடத்தில் 8,600 வருகிறது. மூலத்திலும் 8,600, கோப்பிலும் 8,600. கூட்டல் பொருந்திவிட்டது. போன செவ்வாய் 8,700. எனவே முன்வாரத்தோடு ஒப்பிட்டாலும் சந்தேகம் வராது. நாள் முடிவுக் கணக்கும் அதே இணைப்பில்தான் மேலே வர வேண்டும் என்பதால் அதுவும் வந்திருக்காது.

இதைப் பிடிக்கும் கேள்வி இது:

```
SELECT b.branch_id, count(s.line_id), max(s.bill_time)
FROM branches b
LEFT JOIN sales s ON s.branch_id = b.branch_id
     AND s.bill_day = '2024-06-11'
WHERE b.active
GROUP BY b.branch_id
HAVING count(s.line_id) = 0
    OR max(s.bill_time) < '2024-06-11 20:00';
```

ஒவ்வொரு கிளையின் கடைசி பில் எத்தனை மணிக்கு என்று இது பார்க்கிறது. இரவு 8 மணிக்குப் பிறகு ஒரு பில்லாவது இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தக் கிளையின் பெயரைச் சொல்லும். இதில் கவனிக்க வேண்டியது `LEFT JOIN` என்ற இரண்டு சொற்கள். பில் அட்டவணையை மட்டும் கிளைவாரியாகப் பிரித்து எண்ணினால், ஒரு பில்கூட வராத கிளை பட்டியலிலேயே தோன்றாது. 'பூஜ்யம்' என்று காட்டவும் அங்கே ஒரு வரி இருக்காது. பதினொரு கிளைகள் அழகாக வரிசையாக நிற்கும். பன்னிரண்டாவது எங்கே என்று கண் தேடாது. ஆகவே இருக்க வேண்டியவர்களின் பட்டியலை முதலில் வைத்து, வந்தவர்களை அதன் மேல் பொருத்திப் பார்க்க வேண்டும். வருகைப் பதிவேட்டில் ஆசிரியர் பெயர் கூப்பிடுவதும் அதற்காகத்தான். வந்திருப்பவர்களை எண்ணிப் பார்ப்பதால் வராதவர் யார் என்று தெரியாது.

கடைசி பில்லின் நேரத்தைப் பார்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. பெரிய நிறுவனங்களில் மூல டேட்டாபேஸைத் தொடாமல், அதைப் பிரதி எடுத்துக்கொண்டே வரும் இரண்டாவது டேட்டாபேஸிலிருந்து இரவுத் தரவை எடுப்பார்கள். அந்தப் பிரதி வேலை மாலையிலேயே நின்றுபோயிருந்தால் எடுக்கும் வேலை எந்தத் தடங்கலும் இல்லாமல் நடக்கும். பழைய தரவு கிடைக்கும். கடைசி பில்லின் நேரம் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே மாலைப் பொழுதில் நின்றிருந்தால், கோளாறு கிளையில் இல்லை, பிரதியில் இருக்கிறது என்று உடனே புரிந்துவிடும்.

போன வாரங்களோடு ஒப்பிடும் சோதனையும் தேவைதான், ஆனால் அதை அளவாக வைக்க வேண்டும். அதே கிழமையின் கடந்த நான்கு வார எண்ணிக்கைகளை வரிசைப்படுத்தி நடு மதிப்பை எடுங்கள். அதில் 60 சதவீதத்துக்குக் கீழே போனாலோ 160 சதவீதத்துக்கு மேலே போனாலோ கேள்வி எழுப்பட்டும். மேல் எல்லை எதற்கு என்று தோன்றலாம். ஒரு கிளையின் பெயரை மாற்றும்போது பழைய பதிவை மூடாமல் புதியதையும் சேர்த்துவிட்டால், அட்டவணைகளை இணைக்கும்போது அந்தக் கிளையின் ஒவ்வொரு பில்லும் இரண்டு முறை வரும். எல்லாக் கிளைகளிலும் அது நேர்ந்தால் வியாபாரம் இரட்டிப்பானதாக ரிப்போர்ட் சொல்லும், அதைப் பார்த்து யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். ஒரே கிளையில் நேர்ந்தால் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். அதைத் தொகைக் கூட்டல்தான் பிடிக்க வேண்டும். எல்லையை மிக நெருக்கமாகவும் வைக்கக் கூடாது. பொங்கல், தீபாவளி, கடையடைப்பு நாட்களில் எல்லாம் எச்சரிக்கை வந்தால், மூன்றாவது மாதத்தில் அந்தச் செய்தியைத் திறந்து பார்க்க ஆள் இருக்காது. விடுமுறைப் பட்டியல் ஒன்றை டேட்டாபேஸிலேயே வைத்துக்கொண்டால் பாதித் தொல்லை தீரும்.

சோதனை தோற்றால் என்ன செய்வது? இதில் எனக்குத் தீர்மானமான கருத்து உண்டு. கூட்டல் பொருந்தவில்லை என்றால் அன்றைய ரிப்போர்ட்டை வெளியே விடக் கூடாது. ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கட்டும், நேற்றைய ரிப்போர்ட் நேற்றைய தேதியோடு அப்படியே இருக்கட்டும். ஆனால் ஒரு கிளை மட்டும் குறைந்தால் மீதி பதினொன்றின் கணக்கை மறைத்து வைப்பதில் பயனில்லை. ரிப்போர்ட்டை விடலாம், அதன் உச்சியில் பளிச்சென்று ஒரு சிவப்புப் பட்டை இருக்க வேண்டும்: 'இந்தக் கிளையின் தரவு மாலை 3.58 வரை மட்டுமே.' அப்படி இல்லாவிட்டால் காலை 9 மணிக்குப் பேச்சு எப்படிப் போகும் என்று ஊகிக்கலாம். "என்னப்பா, நேத்து சாயந்திரம் கடையைச் சீக்கிரம் சாத்திட்டுப் போயிட்டீங்களா?" என்று முதலாளி கேட்பார். "இல்லீங்க அண்ணாச்சி, பத்து மணி வரைக்கும் திறந்துதான் இருந்துச்சு" என்று கிளை மேலாளர் பதறுவார். தரவு வராததற்கு ஓர் உழைப்பாளி பதில் சொல்ல வேண்டிவரும்.

மறுநாள் காலை 10.30-க்கு இணைப்பு திரும்பி விடுபட்ட 400 பில் வரிகள் ஏறிவிட்டன. இப்போது ஸ்கிரிப்டைத் தேதி கொடுத்து மறுபடி ஓட்டினால் போதும்:

```
/opt/extract/nightly.sh 2024-06-11
```

தேதியை வெளியிலிருந்து கொடுக்க வழி வைத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. ஆனால் மறுபடி ஓட்டும்போது பழையதன் மேல் புதியது கூடிவிடக் கூடாது. 8,600-க்கு மேல் 9,000 சேர்ந்து 17,600 ஆகிவிட்டால் முதல் தவறைவிட இரண்டாவது மோசம். கோப்பின் பெயரில் தேதி இருப்பதால் பழைய கோப்பின் இடத்தில் புதியது உட்கார்ந்துகொள்ளும். ரிப்போர்ட் டேட்டாபேஸில் ஏற்றும்போதும் அந்த நாளின் வரிகளை நீக்கிவிட்டுப் புதியவற்றைச் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் நடக்க வேண்டும், நடுவில் யாராவது பார்த்தால் வெற்று நாளாகத் தெரியாது. எத்தனை முறை ஓட்டினாலும் ஒரே விடை வருகிற ஸ்கிரிப்டை எழுதிவிட்டால், கோளாறு வந்த அன்று கை நடுங்காது.

எல்லாச் சோதனைகளையும் ஸ்கிரிப்டுக்குள்ளேயே வைத்திருக்கிறோம். அந்த ஸ்கிரிப்டே ஓடவில்லை என்றால்? சர்வர் செத்துக் கிடக்கிறது, அல்லது பராமரிப்புக்காக யாரோ கிரான் வரியை நிறுத்திவைத்துத் திரும்பப் போட மறந்துவிட்டார். இப்போது தோல்வியைச் சொல்ல ஆளே இல்லை. ஆகவே செய்தியின் திசையைத் திருப்ப வேண்டும். தோற்றால் செய்தி அனுப்பு என்பதற்குப் பதில், வென்றால் செய்தி அனுப்பு என்று ஸ்கிரிப்டிடம் சொல்கிறோம். அந்த வெற்றிச் செய்திக்காக வேறொரு இயந்திரம் காத்திருக்கும். 2.30-க்குள் வரவில்லை என்றால் அது பொறுப்பாளரின் கைப்பேசியில் மணி அடிக்கும். மேலே உள்ள ஸ்கிரிப்டின் கடைசி வரியில் `curl` செய்வது இதைத்தான். எல்லாச் சோதனையும் தேறிய பிறகே அந்த வரிக்கு வர முடியும் என்பதால், எங்கே நின்றாலும், எதனால் நின்றாலும், விளைவு ஒன்றுதான்: செய்தி போகாது, மணி அடிக்கும். இதற்கென்றே ஹெல்த்செக்ஸ், டெட் மேன்ஸ் ஸ்னிச் போன்ற சேவைகள் உள்ளன. ஹெல்த்செக்ஸின் மூல நிரல் திறந்த நிலையில் கிடைப்பதால் சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம். ஆனால் இரவு வேலை ஓடும் அதே சர்வரில் நிறுவக் கூடாது. இரண்டும் சேர்ந்து அணைந்தால் ஏற்பாடு வீண்.

ஒரு கிளையின் தரவு அரைகுறையாக இருக்கும்போது வெற்றிச் செய்தி போகலாமா? போகலாம், ஏனென்றால் வேலை நடந்திருக்கிறது. கிளை விடுபட்டது தனி எச்சரிக்கையாக, கிளையின் பெயரோடு, அந்தக் கிளையைக் கவனிக்கும் ஆளுக்குப் போகட்டும். விடிகாலை மூன்று மணிக்கு ஒருவரை எழுப்ப வேண்டிய விஷயமும், காலை ஒன்பது மணிக்குப் பார்த்தால் போதும் என்கிற விஷயமும் ஒரே மணியில் ஒலிக்கக் கூடாது.

எச்சரிக்கை புறப்பட்டும் வந்து சேராமல் போவதுண்டு. நிரலாளர்களின் மூல நிரல்களைச் சேமித்துவைக்கும் கிட்லேப் தளத்தில் 2017 ஜனவரி 31 அன்று, ஒரு பொறியாளர் கோளாறு ஒன்றைச் சரிசெய்யும் முயற்சியில் தவறான சர்வரில் டேட்டாபேஸ் அடைவை அழித்துவிட்டார். காப்புப் பிரதியைத் தேடிப் போனார்கள். தினமும் டேட்டாபேஸைப் பிரதியெடுத்து வேறிடத்தில் சேர்க்கும் வேலை ஒன்று இருந்தது. சேர்த்துவைக்கும் இடத்தைத் திறந்தால் அங்கே பிரதிகளே இல்லை. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் 9.6 பதிப்பில் ஓடிக்கொண்டிருக்க, பிரதியெடுக்கும் கருவி 9.2 பதிப்பைப் பயன்படுத்த முயன்று ஒவ்வொரு முறையும் தோற்றிருந்தது. தோற்றால் மின்னஞ்சல் அனுப்ப ஏற்பாடு இருந்தது, அது அனுப்பவும் செய்தது. அந்த மின்னஞ்சல்கள் அனுப்புநரின் அடையாளத்தைச் சரிபார்க்கும் டிமார்க் முறையில் கையெழுத்தாகாமல் போனதால், பெறும் பக்கம் அவற்றை நிராகரித்துவிட்டது. கடைசியில் வேறொரு காரணத்துக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் கையால் எடுத்துவைத்த பிரதி கைகொடுத்தது. இடைப்பட்ட நேரத்தின் தரவில் மீட்க முடியாதது இழப்பாகவே போனது. நடந்ததை அவர்களே விரிவாக எழுதி எல்லோரும் படிக்க வெளியிட்டார்கள். இந்தத் தொழிலில் உள்ள ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஆவணம் அது.

அதனால் மணி அடிக்கிறதா என்பதையும் வேண்டுமென்றே சோதிக்க வேண்டும். மாதத்தில் ஓர் இரவு கிரான் வரியின் முன்னால் ஒரு `#` குறி போட்டு அதை முடக்கிவைத்துவிட்டுக் காத்திருங்கள். 2.30 தாண்டியதும் கைப்பேசி ஒலிக்க வேண்டும். ஒலித்ததும் குறியை எடுத்துவிட்டுக் கையால் ஓட்டிக்கொள்ளலாம். இன்னொரு மாதம் சோதனை டேட்டாபேஸில் ஒரு கிளையின் பில்களை நீக்கிவிட்டு ஓட்டிப் பாருங்கள், அந்தக் கிளையின் பெயர் எச்சரிக்கையில் வருகிறதா என்று. பொறுப்பாளர் வேலை மாறிப் போகும்போது அவருடைய எண்ணோடு மணியும் போய்விடாமல் பார்த்துக்கொள்வதும் இதில் சேரும். எச்சரிக்கை ஒருவர் பெயருக்கு மட்டும் போவதைவிட, எப்போதும் இருவருக்குப் போவது நல்லது.

நிரல் எழுதாதவர்களும் இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் மேசைக்கோ கைப்பேசிக்கோ தினமும் ஒரு ரிப்போர்ட் வருகிறதென்றால், அதில் அச்சான நேரத்தோடு நின்றுவிடாமல், 'தரவு எந்த நேரம் வரைக்கும் உள்ளது' என்பதும் கிளைவாரியாக இருக்கிறதா என்று நாளைக் காலை பாருங்கள். இல்லையென்றால் அதைத் தயாரிப்பவரிடம் அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்குங்கள். `max(bill_time)` என்று டேட்டாபேஸிடம் கேட்டாலே கிடைத்துவிடும். அரைநாள் வேலைகூட ஆகாது.